ஸ்டெப்னி மாற்றும்போது நட்டுகளை முறுக்கும் வரிசை

திருவொற்றியூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு, சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றிய ஓரிரு நாளில் "பின்பக்கம் டக் டக்கென்று சத்தம் வருகிறது" என்ற புகாருடன் கார்கள் வருவதுண்டு. அண்மையில் எண்ணூர் விரைவுச் சாலையில் இடது பின்சக்கரம் பஞ்சராகி, உரிமையாளரே சக்கரம் மாற்றிக்கொண்ட சிறிய கார் ஒன்று அப்படித்தான் வந்தது. நான்கு நட்டுகளில் இரண்டு கையாலேயே சுழன்றன. ரிம்மின் துளை விளிம்பில் தேய்ந்து பளபளக்கும் தடம் விழுந்திருந்தது.

அவர் முதல் நட்டை முழு பலத்துடன் இறுக்கிவிட்டு, அடுத்தடுத்து வட்டமாகச் சென்றிருக்கிறார். அப்படிச் செய்தால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்தபடி பிடித்துக்கொள்ளும்; மற்ற நட்டுகள் இறுகியதுபோல் தோன்றினாலும், கார் ஓடி ரிம் சரியாக உட்கார்ந்ததும் தளர்ந்துவிடும்.

ஆகவே சக்கரம் தரையைத் தொடாத நிலையில், நட்டின் கூம்பு முகம் ரிம்மைப் பார்த்திருக்க, நான்கையும் விரலால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக இலேசாக இறுக்க வேண்டும். காரை இறக்கிய பிறகே, அதே எதிரெதிர் வரிசையில் இரண்டு சுற்றாக முழு இறுக்கம் தர வேண்டும். ஐந்து நட்டுகள் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாகச் செல்லுங்கள். பல சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். ஸ்பேனர் மீது ஏறி மிதிப்பதை வீரமாகக் கருதுகிறவர்கள் ஸ்டட்டை இழுத்துக் கெடுக்கிறார்கள். சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

ஜாக்கி வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. கதவுக்குக் கீழே உள்ள விளிம்புத் தகட்டில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும் இரண்டிரண்டாக உள்ள வெட்டுக் குறிகளில், மாற்றும் சக்கரத்தை ஒட்டிய இரண்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் தளத் தகடு நசுங்கும். கடலை ஒட்டிய சாலையில் ஓரம் மணலாக இருந்தால் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதையும் என்பதால், அடியில் கனமான பலகை வேண்டும். தூக்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, மூலைவிட்டத்தில் உள்ள எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் தள்ளிவைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும்.

இவ்வளவும் பஞ்சர் இடப்பக்கமாக இருந்தால்தான். வலப்பக்கச் சக்கரமாக இருந்து, கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருந்தால், மாற்ற முயல வேண்டாம். நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுக்கொண்டு, நடை வேகத்தில் பெட்ரோல் பங்குக்கோ பக்கத் தெருவுக்கோ உருட்டிச் செல்லுங்கள். டயர் பாழாகலாம், ஆகட்டும். நகர்த்தவே முடியாவிட்டால், எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி, காரை விட்டு விலகி நின்று 112-ஐயும், தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-ஐயும் அழைத்து உதவிக்குக் காத்திருங்கள். சரிவான இடம், இருட்டோடு சேர்ந்த மழை, சுழன்றும் கழலாத நட்டு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.