தூரம் சரி, திசை பிழை: எக்செலில் பாகையும் ஆரையனும்

இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்காலோரம் ஒரு வயற்காணி. தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை வரம்பில் நிறுத்தி எல்லைக்கற்களை ஒவ்வொன்றாக அளந்தோம். முதற்கல்லுக்குத் தூரம் 118.40 மீற்றர், வடக்கிலிருந்து திசைகோள் 72 பாகை 30 கலை. அன்று பின்னேரம் என்னோடு வேலை பழகும் தம்பி அதை எக்செலில் போட்டு, கற்கள் எங்கே விழுகின்றன என்று வரைந்து காட்டினார். வடகிழக்கில் நாங்கள் கண்ணால் பார்த்த கல், வரைபடத்தில் தென்மேற்கே வாய்க்காலுக்கு அப்பால் கிடந்தது.

அவர் எழுதிய சூத்திரம் இதுதான். C2இல் தூரம், D2இல் 72 பாகை 30 கலையைத் தசமமாக்கிய 72.5:

```
=C2*SIN(D2)
=C2*COS(D2)
```

கிழக்கு -28.53, வடக்கு -114.91 என்று வந்தது. “அண்ணை, தூரம் சரியாத்தானே வருது” என்று சொல்லி, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துக் காட்டினார். 118.40 அச்சொட்டாக வந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்தக் கோணத்துக்கும் சைனின் வர்க்கமும் கோசைனின் வர்க்கமும் சேர்ந்தால் ஒன்றுதான். ஆகவே கோணத்தை எவ்வளவு பிழையாகக் கொடுத்தாலும் தூரம் திரும்பச் சரியாகவே வரும். தூரத்தைச் சரிபார்ப்பது திசையைச் சரிபார்ப்பதாகாது.

நடந்தது என்னவென்றால், எக்செலின் SIN கோணத்தை ஆரையனில்தான் எதிர்பார்க்கும். வட்டத்தின் ஆரை அளவுக்கு வில்லின் நீளம் இருந்தால் அந்த வில் மையத்தில் அமைக்கும் கோணம் ஒரு ஆரையன், ஏறத்தாழ 57.3 பாகை. முழுச் சுற்றுக்கு 6.283 ஆரையன். 72.5 என்று கொடுத்ததும் அது பதினொரு முறை முழுதாகச் சுற்றி, மேலும் 3.385 ஆரையன் போய் நின்றது. அது தென்மேற்கு. உயர்தர பௌதிகவியலில் ஊசல் பரிசோதனைக்கு அட்டவணை போடும் பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கும். சிறு கோணத்துக்கு சைனும் கோணமும் ஏறக்குறைய சமன் என்பது ஆரையனில் மட்டுமே உண்மை. 5 பாகை 0.0873 ஆரையன், அதன் சைன் 0.0872. பாகையில் 5ஐ அப்படியே போட்டால் அந்தச் சமன் கிடையாது.

திருத்தம் சின்னது:

```
=C2*SIN(RADIANS(D2))
=C2*COS(RADIANS(D2))
```

இப்போது கிழக்கு 112.92, வடக்கு 35.60. திசைகோள் 0க்கும் 90க்கும் இடையில் என்றால் இரண்டும் நேர். 90க்கும் 180க்கும் இடையில் கிழக்கு நேர், வடக்கு மறை. வரிவரியாகக் குறியைப் பார்த்துக்கொண்டு போனாலே ஆரையன் பிழை சீக்கிரம் அகப்படும். நான் தாளின் மேல் வரியில் 30 பாகையின் சைனை எப்போதும் போட்டு வைப்பேன். 0.5 வரவேண்டும். -0.988 வந்தால் பாகை ஆரையனாக மாறவில்லை. கல்குலேற்றரில் 0.454 வந்தால் அது பாகையில் இல்லை, கிரேட் என்ற வேறு கோண அலகில் நிற்கிறது.

மாறாக, ஏற்கெனவே ஆரையனாக்கிய கோணத்தை RADIANSக்குள் இன்னொரு முறை விட்டால், எல்லாக் கற்களும் வடக்கே ஏழு பாகைக்குள் ஒடுங்கி ஒல்லி விசிறி போல நிற்கும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். எனக்குப் பயம் தெரியாத பிழையில்தான். பல கருவிகள் கோணத்தை 72.3000 என்ற வடிவில் கோப்பில் தருகின்றன. அது 72.3 பாகை அல்ல, 72 பாகை 30 கலை 00 விகலை. அதை அப்படியே RADIANSக்குள் விட்டால் 12 கலை குறையும். குறி சரி, தூரம் சரி, கல் மட்டும் 41 சென்ரிமீற்றர் தள்ளி விழும். வரம்பு வழக்கில் அந்த 41 சென்ரிமீற்றர் ஒரு வரம்பின் முழு அகலம்.

இதைக் கண்டுபிடிக்கத் திசைகோள் நிரலை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். புள்ளிக்குப் பின்னுள்ள முதல் இரண்டு இலக்கங்கள் எங்குமே 59ஐத் தாண்டவில்லை என்றால் அவை கலைகள். பாகை, கலை, விகலை மூன்றையும் D2, E2, F2 எனத் தனித்தனிக் கட்டத்தில் பிரித்து எழுதி, G2இல் இப்படிச் சேர்த்து, RADIANSக்குள் D2க்குப் பதிலாக G2ஐக் கொடுப்பதே எங்கள் வழக்கம்:

```
=D2+E2/60+F2/3600
```

அதற்குப் பிறகும் ஒரு வேலை செய்கிறோம். கணக்கு முடிந்ததும் அடுத்தடுத்த இரு கற்களின் ஆள்கூறுகளிலிருந்து இடைத்தூரத்தை எடுத்து, வயலுக்குப் போய் அதே இரு கற்களுக்கிடையே நாடா பிடிக்கிறோம். கருவி நின்ற இடத்திலிருந்து எடுத்த தூரம் கோணப் பிழையை மறைக்கும். கல்லுக்குக் கல் அளந்த தூரம் மறைக்காது, ஏனெனில் 30 கலைக்கு ஒரு பிழை, 10 கலைக்கு வேறு பிழை. அந்த வயலில் முதலிரு கற்களுக்கிடையே நாடாவும் தாளும் 2 சென்ரிமீற்றருக்குள் ஒத்து வந்த பிறகே காணிக்காரரிடம் வரைபடத்தைக் கொடுத்தோம்.