அச்சகத்துக்கு ஒரு கணக்கு, சோப்புக் கம்பெனிக்கு வேறு கணக்கு

நாகர்கோவிலில் அடக்கவிலைக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். அச்சகம், சோப்புக் கம்பெனி இரண்டிலும் அடக்கவிலையைத் தப்பாகப் போடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அச்சகக்காரர் மாதச் செலவையெல்லாம் கூட்டி, அடித்த தாள்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார். சோப்புக்காரர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தனிச் சீட்டுப் போட்டுக் கூலியையும் கரண்டையும் அதில் ஏற்றப் பார்க்கிறார். இருவரும் முறையை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு வேண்டியது ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அடக்கம் போடும் ஜாப் காஸ்டிங், சோப்புக்கு வேண்டியது மாதச் செலவை மாதச் சரக்கால் வகுக்கும் ப்ராசஸ் காஸ்டிங். கீழே வரும் எண்கள் கணக்குக்கு வசதியாக நான் முழுமைப்படுத்தியவை. சிக்கல் மட்டும் அப்படியே நடப்பதுதான்.

நாலு கலர் ஆஃப்செட் மெஷின் ஒன்று வைத்திருக்கும் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். "சார், மாசம் பூரா மெஷின் ஓடுது, கையில காசு நிக்கல" என்பதுதான் உரிமையாளர் முதலில் சொன்னது. தாளையும் மையையும் வேலைக்கு வேலை தனியாகக் கணக்கிட்டு பில்லில் சேர்த்துவிடுகிறார். மீதிச் செலவில் ஆப்பரேட்டர் சம்பளம், மெஷின் தேய்மானம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்ந்து மாதம் ₹2,00,000. பிளேட் 300, ஒன்று ₹250 என்று ₹75,000. மொத்தம் ₹2,75,000. அந்த மாதம் 75 வேலைகளில் 3,50,000 தாள் அடித்திருக்கிறார்கள். வகுத்தால் தாளுக்கு ஏறக்குறைய 79 பைசா. அதன்மேல் லாபம் வைத்துத்தான் எல்லா வேலைக்கும் ரேட் சொல்லிவந்தார்.

கோயில் கொடை நோட்டீஸ் 500 தாள் என்றாலும், பள்ளி அட்மிஷன் நோட்டீஸ் 20,000 தாள் என்றாலும் பிளேட் நாலுதான். கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை மெஷினைத் திருத்தும் நேரமும் ஒன்றுதான். அங்கே அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. திருத்தி முடித்த பிறகு மணிக்கு 4,000 தாள் ஓடுகிறது. ஆப்பரேட்டரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் திருத்த ஆரம்பித்த நேரம், ஓட ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதச் சொன்னேன். மாதக் கடைசியில் கூட்டினால் மெஷின் வேலை செய்த 200 மணி நேரத்தில் 112½ மணி திருத்துவதற்கே போயிருக்கிறது. தாள் ஓடியது 87½ மணிதான். ₹2,00,000-ஐ 200-ஆல் வகுத்தால் மெஷின் மணிக்கு ₹1,000.

இப்போது ஜாப் கார்டு போடுவோம். கொடை நோட்டீஸுக்குப் பிளேட் ₹1,000, திருத்த ₹1,500, ஓட்ட ₹125, ஆக ₹2,625. சராசரிக் கணக்கில் இதே வேலை ₹395தான் காட்டும். அவ்வளவு குறைவாகச் சொல்ல மனம் வராமல், சின்ன வேலைக்கு மினிமம் ₹1,500 என்று வைத்திருந்தார். அப்படியும் ஒவ்வொரு நோட்டீஸிலும் ₹1,125 கைவிட்டுப் போயிருக்கிறது. பள்ளி நோட்டீஸுக்குப் பிளேட் ₹1,000, திருத்த ₹1,500, ஓட்ட ₹5,000, ஆக ₹7,500. சராசரி சொல்வதோ ₹15,800. இரண்டு மடங்குக்கு மேல் ரேட் சொன்னால் அந்த வேலை நேராகச் சிவகாசிக்குப் போகத்தான் செய்யும். பெரிய வேலைகள் போய், நஷ்டம் தரும் சின்ன வேலைகள் மட்டும் குவிந்தன. திருவிழாக் காலத்தில் மெஷின் ஓயாமல் ஓடியதும் கையில் காசு நிற்காததும் இதனால்தான்.

தாளிலும் இதே கதை. கலர் சேரும்வரை வீணாகும் தாள் 150 என்றால், 500 தாள் வேலைக்கு 650 தாள் எடுத்துவைக்க வேண்டும். அந்த 150-ஐ அந்த வேலையின் கார்டிலேயே எழுதுங்கள். பொதுச் செலவில் தள்ளினால் பெரிய வேலை கொடுப்பவர் தலையில்தான் விழும்.

குலசேகரம் பக்கம் தேங்காயெண்ணெய்ச் சோப்புப் போடுகிறவரின் நிலை வேறு. இன்றைய சோப்பும் நேற்றைய சோப்பும் ஒன்றேதான். ஒரு நாள் கரண்ட் போய் வேலையாட்கள் சும்மா இருந்தால், அன்றைய சீட்டில் சோப்பின் அடக்கம் ஏறிவிடும். மறுநாள் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து விலை வைக்க முடியாது. மாதச் செலவை மாதத்தின் நல்ல சரக்கால் வகுப்பதுதான் இங்கே சரி. ஆனால் எந்த எடையால் வகுப்பது என்பதில் கவனம் வேண்டும்.

ஒரு மாதத்தில் எண்ணெய் 1,000 கிலோ, காஸ்டிக் சோடா 175, தண்ணீர் 325, ஆக 1,500 கிலோ உள்ளே போகிறது. எல்லாச் செலவும் சேர்த்து ₹3,78,000. இவர் 1,500-ஆல் வகுத்துக் கிலோ ₹252, அதாவது 100 கிராம் கட்டி ₹25.20 என்று எழுதியிருந்தார். அச்சில் வெட்டிய கட்டி அலமாரியில் காயும்போது தண்ணீர் ஆவியாகிறது. வெட்டிய உதிரியை அடுத்த காய்ச்சலில் போட்டுவிடுவதால் அது நஷ்டமல்ல. ஆவியாகும் தண்ணீர் திரும்ப வராது. அடையாளம் வைத்த சில கட்டிகளை வெட்டிய அன்றும் பேக் செய்யும் அன்றும் எடை போட்டுப் பார்த்ததில் குறைவு நூற்றுக்குப் பத்து. ஆகவே எதிர்பார்க்க வேண்டிய சரக்கு 1,350 கிலோ. அதனால் வகுத்தால் கிலோ ₹280, கட்டி ₹28. கட்டிக்கு ₹2.80 வித்தியாசம். கடைக்காரர் கமிஷன் கேட்டதால் இறக்கிய விலையில் சோப்புக்காரர் லாபம் என்று நினைத்திருந்தது இந்த ₹2.80-தான்.

இந்தப் பத்து சதவீதம் இயல்பான நஷ்டம், அதை நல்ல சோப்பு சுமக்கத்தான் வேண்டும். அந்த மாதம் பேக்கிங்குக்கு வந்ததோ 1,300 கிலோ. மீதி 50 கிலோ, காஸ்டிக் அளவு தவறி, திரும்பப் பயன்படுத்த முடியாமல் கொட்டிய சரக்கு. அதன் அடக்கம் 50 × 280 = ₹14,000. இதை அசாதாரண நஷ்டமாகத் தனியே எழுதி லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் 1,300-ஆல் வகுத்தால் கிலோ ₹291-ஐ நெருங்கும், சோப்பின் விலை ஏறியதாகத் தோன்றும், எடை போட்டவரின் தவறு கணக்குக்குள் மறைந்துபோகும். தனி வரியாக ₹14,000 கண்ணில் பட்டால்தான் தராசைப் பற்றிக் கேட்பார்கள்.

இந்த மாவட்டத்தில் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை. ஈரக் காற்றில் சோப்புக் காய நாளாகும், மாதக் கடைசியில் அலமாரியில் நிற்கும் சரக்கு கூடும். அப்படி 400 கிலோ நின்றால், அதில் எண்ணெயும் காஸ்டிக்கும் முழுதாகப் போய்விட்டன, எனவே மூலப்பொருள் செலவை வகுக்கும்போது அது 400 கிலோதான். கூலி வேலையில் பாதி முடிந்திருந்தால் கூலிக்கு மட்டும் 200 கிலோ என்று எடுக்க வேண்டும். அலமாரியை எண்ணாமல் விட்டால் மழை மாதம் நஷ்டமாகவும் வெயில் மாதம் லாபமாகவும் தெரியும்.

இரண்டு முறையும் ஒரே இடத்தில் தேவைப்படுவதும் உண்டு. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் தன் பெயர் பொறித்த சின்னக் கட்டி கேட்டால், சோப்பு கிலோ ₹280 என்பது ப்ராசஸ் கணக்கிலிருந்தே வரும். புது அச்சு, தனி உறை, மெஷினில் அச்சை மாற்றும் நேரம் மூன்றுக்கும் அந்த ஆர்டர் பெயரில் ஒரு ஜாப் கார்டு போட வேண்டும். அச்சகத்திலும் ஒரே அளவில் மாதக்கணக்காக நோட்டுப் புத்தகம் மட்டுமே ஓடும் மெஷின் இருந்தால், அந்த மெஷினுக்கு மட்டும் சராசரி போடலாம்.