மைனர் – இளவர்: சொல் விளக்கம்

‘சிறியவர், இளையவர்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல், ஆங்கிலம் வழியே ‘மைனர்’ ஆகி நம் பத்திரங்களில் நிலைத்துவிட்டது. சட்டத் தமிழில் இளவர். 18 வயது நிறையாதவர். ஊர்ப்பேச்சில் சொகுசுப் பேர்வழியைச் சொல்லும் ‘மைனர்’ வேறு கணக்கு. ‘கார்டியன்’ என்பதற்குக் காப்பாளர் என்பதே பொருத்தம். சொத்தைக் காப்பவர்தான் அவர், உடையவர் அல்லர்.

இளவர் வாரிசாவதற்கு 18 வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்திடும் தகுதிதான் அப்போது வரும். பங்கு, தந்தை இறந்த நொடியிலேயே வந்துவிடுகிறது. ஓர் இந்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 1 ஏக்கரை விட்டு, உயில் எழுதாமல் ஒருவர் இறக்கிறார். மனைவி, இறந்தவரின் தாய், 12 வயது மகன், 9 வயது மகள் என நான்கு வாரிசுகள். ஆளுக்கு 25 சென்ட். மனைவி தன் 25 சென்டை விற்க நீதிமன்ற அனுமதி தேவையில்லை. பிள்ளைகளின் 50 சென்டை விற்க, 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 8-ன்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அடமானம், தானம், பரிவர்த்தனை, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எல்லாவற்றுக்கும் இதே விதி.

தாலுகா அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழை இந்த அனுமதியாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வாரிசுகள் யார் என்று மட்டுமே அது சொல்லும். விற்கும் அதிகாரம் தராது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிள்ளைகளுக்குத் தவிர்க்க முடியாத தேவை அல்லது தெளிவான நன்மை இருப்பதைக் காட்ட வேண்டும். மருத்துவச் செலவு, படிப்புக் கட்டணம் என்றால் அதற்கான காகிதங்களோடு போவது நல்லது. ‘குடும்பச் செலவு’ என்று பொதுவாக எழுதினால் போதாது. பணத்தை நீதிமன்றத்தில் கட்டவோ முதலீடு செய்யவோ உத்தரவில் நிபந்தனை வரலாம்.

அனுமதியின்றித் தாய் காப்பாளராகக் கையெழுத்திட்டு விற்றால் கிரயம் உடனே செல்லாமல் போய்விடாது. ஆனால் பிள்ளை நினைத்தால் அதை ரத்து செய்ய வைக்கலாம். 18 நிறைந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள், அதாவது 21 வயதுக்குள், வழக்குப் போட வேண்டும். காலக்கெடு தாண்டினால் கிரயம் நிலைத்துவிடும். தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிள்ளைகளின் பெயரே காட்டாமல் தாய் தன் பெயரில் மட்டும் 1 ஏக்கரையும் எழுதிக் கொடுத்திருந்தாலோ, வாங்கியவர் நிலை இன்னும் மோசம்: அவருக்குச் சேர்ந்தது அந்தத் தாயின் 25 சென்ட் மட்டுமே.

பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் இளவருக்குள்ள பங்குக்கு இந்த விதி பொருந்தாது; அங்கே குடும்பத் தலைவர் சட்டத்தேவைக்காக அனுமதியின்றியே விற்க முடியும். இஸ்லாமியச் சட்டத்தில் தாய், பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளரே அல்லர். நீதிமன்றம் நியமிக்காமல் அவர் பிள்ளையின் நிலத்தை விற்றால் அந்தக் கிரயம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.