##### தெரிந்தால் நெடுவரிசையை இழுக்கும் முன்

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. "எக்செல் ஃபைல் கெட்டுப்போச்சு, எல்லாம் ஹாஷா வருது, அவசரம்" என்று ஒரு செய்தி வரும். திறந்து பார்த்தால் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போயிருப்பது அதைச் 'சரிசெய்ய' அனுப்பியவர் இரண்டு மணி நேரம் செய்த வேலை. முதல் மூன்று ஃபைல்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்து கொடுத்தேன். நான்காவதில் சம்பளக் கணக்கே தப்பாகப் போக இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் தவறான எண்ணம். செல்லில் ##### என்று வந்தால் அது பிழைச் செய்தி என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிழைச் செய்தி இல்லை. `#VALUE!`, `#REF!`, `#DIV/0!` ஆகியவைதான் பிழைகள். அவற்றில் ஹாஷுக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கும், செல்லின் மதிப்பே அந்தப் பிழைதான். வெறும் ஹாஷ் வரிசை மதிப்பே அல்ல, திரையில் மட்டும் வரும் ஒரு மறைப்பு. உள்ளே எண் பத்திரமாக இருக்கிறது. அந்தச் செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள். தட்டச்சு செய்த எண் என்றால் அங்கே முழுதாக நிற்கும். கூட்டல், சராசரி எதுவும் இதனால் மாறாது. `IFERROR` போட்டும் பயனில்லை, அது பிடிக்க வேண்டிய பிழை அங்கே இல்லவே இல்லை. இதைச் சொன்ன பிறகும் "ஒரு தடவை `IFERROR` போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போட்டுப் பாருங்கள், ஹாஷ் அப்படியே இருக்கும்.

எக்செல் ஏன் இப்படி மறைக்கிறது? எழுத்தாக இருந்தால் பக்கத்துச் செல் காலியா என்று பார்த்து அதன் மேல் வழிந்துகொள்ளும், காலி இல்லையென்றால் பாதியில் வெட்டுப்படும். ஒரு பெயர் பாதி தெரிந்தால் பெரிய நஷ்டமில்லை. 1204500 என்ற எண் இடமில்லாமல் 1204 என்று வெட்டுப்பட்டுத் தெரிந்தால்? பார்ப்பவர் அதையே நம்பி எழுதிக்கொள்வார். தப்பான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல், அதனால்தான் ஹாஷ்.

அகலம் போதுமா போதாதா என்பதை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன் ஃபார்மேட்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. புதிய ஷீட்டில் நெடுவரிசையின் அகலம் வழக்கமாக 8.43 என்று இருக்கும். அடிப்படை எழுத்துருவில் ஏறக்குறைய எட்டு சுழியங்கள் நிற்கும் இடம் அது. அதில் 1234567.5 என்ற எண்ணை `General` ஃபார்மேட்டில் வைத்தால் ஹாஷ் வராது. எக்செல் தசமத்தைச் சுருக்கி 1234568 என்று காட்டிச் சமாளித்துவிடும். அதே எண்ணுக்கு `#,##0.00` கொடுத்தால் 1,234,567.50 என்று முழுதாகக் காட்டியாக வேண்டும், சுருக்க அனுமதி இல்லை. இடம் போதாது, நெடுவரிசை விரியாவிட்டால் ஹாஷ் வந்துவிடும். மதிப்பும் அதே, அகலமும் அதே, ஃபார்மேட் மட்டும்தான் வேறு.

"நேற்று வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு" என்பதற்கும் இதுதான் விளக்கம். நீங்களே ஒரு எண்ணைத் தட்டச்சு செய்தால், அகலத்தை யாரும் கைவைத்து மாற்றாத நெடுவரிசை பெரும்பாலும் தானே விரிந்து இடம் கொடுக்கும். ஏற்கெனவே இருக்கும் ஃபார்முலாவின் விடை வளர்ந்தால் அது விரியாது. போன மாதம் 98450.00 காட்டிய கூட்டல் இந்த மாதம் 1204500.00 ஆனதும் ஹாஷாகிவிடும். கூட்டல் வரிசையைத் தடித்த எழுத்தில் போடும் பழக்கம் வேறு இருக்கிறது. தடித்த இலக்கம் கூடுதல் இடம் பிடிக்கும். மேலே இருக்கும் எண்கள் எல்லாம் தெரிய, கடைசி வரிசை மட்டும் ஹாஷாக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேதிகளில் இது இன்னும் வேடிக்கை: மாதப் பெயரை முழுதாகக் காட்டும் ஃபார்மேட்டில் May வரிசைகள் தெரியும், September வரிசைகள் மட்டும் ஹாஷாகும். அப்படி வந்தால் காரணம் அகலம்தான்.

அகலம் என்றால் வைத்தியம் சுலபம். நெடுவரிசைத் தலைப்பின் வலது ஓரக் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள், போதும். இணைத்த செல்களுக்கு மட்டும் இது பலிக்காது, கையால்தான் இழுக்க வேண்டும். `Wrap Text` எண்ணை மடக்காது, அதை முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஹாஷ் போகட்டும் என்று எண்ணின் முன்னால் ஒற்றை மேற்கோள் போடுவது, அல்லது `TEXT` ஃபார்முலாவுக்குள் வைப்பது. ஹாஷ் போய்விடும், கூடவே எண்ணும் போய்விடும். அது இப்போது எழுத்து. கீழே இருக்கும் `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும், கூட்டலில் எச்சரிக்கை எதுவும் வராது.

சரி, இனி நான்காவது ஃபைலுக்கு வருகிறேன். அது வேலை நேரக் கணக்கு. A-யில் வந்த நேரம், B-யில் போன நேரம், C-யில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

```
=B2-A2
```

திங்கள் 09:00 முதல் 17:00 வரை, 8 மணி நேரம். செவ்வாய் 09:00 முதல் 17:30 வரை, எட்டரை. புதன் இரவு 22:00 மணிக்கு வந்து காலை 06:00 மணிக்குப் போயிருக்கிறார், அங்கே ஹாஷ். வியாழன் 22:00 முதல் 06:30 வரை, அங்கேயும் ஹாஷ். வெள்ளி மறுபடி 8. கூட்டலிலும் ஹாஷ். அனுப்பியவர் "நெடுவரிசை அகலம் பத்தலை" என்று இழுத்திருக்கிறார். இழுக்க இழுக்க ஹாஷ்தான் கூடியிருக்கிறது. நெடுவரிசை திரையின் பாதியை அடைத்துக்கொண்டு, முழுக்க ஹாஷாக நின்றது.

அகலம் கூட்டியும் ஹாஷ் போகவில்லை என்றால் அந்த இடத்திலேயே கையை எடுங்கள். அது அகலச் சிக்கல் இல்லை. செல்லின் மேல் மவுஸை வைத்தால், தேதியோ நேரமோ எதிர்மறையாகவோ மிகப் பெரியதாகவோ இருக்கிறது என்று எக்செல்லே சொல்லிவிடும். அதை யாரும் படிப்பதில்லை, அது வேறு கதை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஃபார்மேட்டை `General` ஆக மாற்றுங்கள். புதன்கிழமைச் செல்லில் -0.666666667 தெரிந்தது. எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 06:00 என்பது 0.25, இரவு 22:00 என்பது சுமார் 0.91667. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் எதிர்மறைதான் வரும், அதாவது மைனஸ் 16 மணி நேரம். எதிர்மறை நேரத்தைக் காட்ட எக்செல்லின் வழக்கமான தேதி முறையில் வழியில்லை. நெடுவரிசை எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஹாஷ்தான்.

யாரோ சொன்னார்கள் என்று இவர் அடுத்துச் செய்ததுதான் ஆபத்து. Options-இல் `Use 1904 date system` என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த முறையில் எதிர்மறை நேரம் தெரியும். ஹாஷ் போய் -16:00, -15:30 என்று வந்தது. கூட்டல் -7:00. ஐந்து நாள் வேலை பார்த்தவர் நிறுவனத்துக்கு ஏழு மணி நேரம் பாக்கி! அது போதாதென்று, அதே ஃபைலில் இருந்த சேர்ந்த தேதி, விடுப்புத் தேதி எல்லாம் நான்கு வருடமும் ஒரு நாளும் வருங்காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டன. இரண்டு முறைகளுக்கும் 1462 நாள் இடைவெளி இருக்கிறது. நான் முதலில் அந்தத் தேர்வை நீக்கிவிட்டேன், தேதிகள் பழைய இடத்துக்குத் திரும்பின. இடையில் புதிதாகத் தேதி எதுவும் உள்ளிடாதது அவர் அதிர்ஷ்டம், உள்ளிட்டிருந்தால் அவை மட்டும் பின்னோக்கி ஓடியிருக்கும்.

அப்புறம் ஃபார்முலாவை மாற்றினேன்.

```
=MOD(B2-A2,1)
```

எதிர்மறையாக வந்தால் இது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். புதன் 8:00, வியாழன் 8:30 என்று வந்தன. கூட்டலில் 17:00 தெரிந்தது. "இப்பவும் தப்பா வருதே?" என்று கேட்டார். எண் சரிதான், ஃபார்மேட்தான் தப்பு. `h:mm` 24 மணி நேரம் தாண்டியதும் மறுபடி சுழியத்திலிருந்து காட்டும். `[h]:mm` கொடுத்ததும் 41:00 வந்தது. 8, எட்டரை, 8, எட்டரை, 8 என்று விரல் விட்டே சரிபார்த்துக்கொள்ளலாம்.

`MOD` போடுவதற்கும் எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 09:00 மணிக்கு வந்தவர் 17:00 மணிக்குப் போனதை யாராவது தவறி 07:00 என்று உள்ளிட்டால், பழைய ஃபார்முலா ஹாஷ் காட்டி உங்களை நிறுத்தியிருக்கும். `MOD` அதை 22:00 மணி நேரம் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பணியையும் அது குறைத்துவிடும். முடிந்தால் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தேதியோடு சேர்த்தே உள்ளிடுங்கள். அப்போது வெறும் கழித்தலே போதும். அதிலும் அகலம் கூட்டியும் போகாத ஹாஷ் வந்தால் உள்ளிட்டதில் தவறு என்று உடனே தெரியும்.

இன்னொன்று, ஃபைலை அனுப்புமுன் Print Preview பாருங்கள். திரையில் மட்டாகப் பொருந்தி நிற்கும் எண் காகிதத்திலோ பிடிஎஃப்பிலோ ஹாஷாகலாம், திரையில் எழுத்து பிடிக்கும் இடமும் அச்சில் பிடிக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரட்டைக் கிளிக் செய்த பிறகு ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து விடுங்கள். கூட்டல் வரிசைக்கு அடுத்த வருடம் ஓர் இலக்கம் கூடும் என்று நினைத்தே இடம் விடுங்கள்.