"பொட்டாசியம் பெண்டிங்"னு மட்டும் எழுதிட்டு வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க

வார்டுல டியூட்டி மாறும்போது ஓவர் குடுக்கற நோட்டைத் திறந்து பாத்தீங்கன்னா பேஷண்ட் பேரு, டயக்னாசிஸ், என்ன டிரிப் ஓடுது, இதெல்லாம் பொதுவா ஒழுங்காதான் இருக்கும். சொதப்பறது கடைசி கட்டம், அதாவது என்னென்ன வேலை பாக்கி இருக்குன்னு எழுதற இடம். அங்க ஒரே சொல்லா "பெண்டிங்"னு போட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க, அடுத்த டியூட்டிக்கு வர்ற சிஸ்டர் அதை தனக்குத் தோணின மாதிரி புரிஞ்சுக்கறாங்க. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கும்போது இதுக்குன்னு ஒரு கேஸ் வச்சிருக்கேன். நிஜமா ஒரே பேஷண்டுக்கு நடந்தது இல்ல, பல தடவ பாத்ததையும் கேட்டதையும் சேர்த்து நானே செஞ்சது, ஆனா வார்டுல வேலை பாக்கற யாருக்கும் இது புதுசா இருக்காது.

பெட் 7, 64 வயசு அம்மா. ரெண்டு நாளா வாந்தி பேதி. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததுக்கு ஏற்கனவே டிகாக்ஸின் சாப்பிடறவங்க. காலைல பொட்டாசியம் 2.7 வந்திருக்கு, சாதாரணமா 3.5லிருந்து 5க்குள்ள இருக்கணும். வாந்தி நிக்காததால வாய்வழியா மருந்து குடுக்க முடியல, அதனால 1 லிட்டர் நார்மல் சலைன்ல 40 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் குளோரைடு, அதாவது கேசிஎல், கலந்து 16:00 மணிக்கு ஆரம்பிச்சாங்க. மணிக்கு 250 மில்லின்னா மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் உள்ள போகும், கை நரம்புல சாதாரண வார்டுல இதுக்கு மேல வேகமா விடறதில்ல, விடணும்னா இதயத்தை மானிட்டர்ல பாத்துக்கிட்டேதான் விடணும். ஆக 20:00க்கு பாட்டில் முடியும், 21:00க்கு திரும்ப ரத்தம் எடுத்து பொட்டாசியம் பாக்கணும், அதை வச்சு அடுத்த பாட்டில் வேணுமா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். இதுதான் ஆர்டர்.

20:00 மணிக்கு டியூட்டி மாறுது. ஈவினிங் சிஸ்டர் எழுதினது இவ்வளவுதான்: "பேதி, கேசிஎல் முடிஞ்சது, பொட்டாசியம் பெண்டிங், ஸ்டேபிள்."

நைட் சிஸ்டர் இதைப் படிச்சுட்டு என்ன நினைப்பாங்க? ரத்தம் எடுத்து லேபுக்குப் போயாச்சு, ரிசல்ட்தான் வரணும், மோசமா இருந்தா லேப்லருந்தே போன் வரும்னுதான். அப்படி நினைச்சதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, அந்த வரியைப் படிச்சா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா நடந்தது என்னன்னா ரத்தமே எடுக்கல. லேபுக்கு வராத சாம்பிளைப் பத்தி லேப்காரங்க எதுக்கு போன் பண்ணப் போறாங்க? ராத்திரி முழுக்க அஞ்சு தடவ பேதி போயிருக்கு, உள்ள ஏத்தினது அது வழியாவே வெளிய போயிட்டிருக்கு, 03:00 மணிக்கு அந்தம்மா "கால்ல பலமே இல்லம்மா"ன்னு சொன்னப்போ பேதில வந்த களைப்புன்னு எழுதியாச்சு. பொட்டாசியம் இறங்கினா தசை பலவீனமாகும், ஆனா பொட்டாசியத்தைப் பத்தி யாரோ பாத்துக்கறாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கும்போது மூளை அந்தப் பக்கமே போகாது. காலைல 06:00க்கு வழக்கமான ரத்தம் எடுத்தப்போ 2.6, இசிஜில இடையிடையே தப்பான துடிப்பு வரிசையா வருது. டிகாக்ஸின் சாப்பிடறவங்களுக்கு பொட்டாசியம் குறைஞ்சா அந்த மருந்தோட விஷத்தன்மை கூடும், அதனால 2.6ங்கறது இவங்களுக்கு மத்தவங்களைவிட ரெட்டிப்பு ஆபத்து. மக்னீசியமும் குறைவா இருந்தது தெரிஞ்சு ரெண்டையும் ஏத்தி சரி பண்ணாங்க, பிழைச்சாங்க. கேஸ் இங்க முடியுது.

இப்ப அந்த ஒரு வரியை எடுத்துக்குவோம். ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்குன்னா அது நாலு இடத்துல எங்க வேணாலும் நின்னிருக்கலாம். ரத்தமே எடுக்காம இருக்கலாம், எடுத்து டிரேயிலயே கிடக்கலாம் (இது நீங்க நினைக்கறதைவிட அதிகமா நடக்குது), லேபுக்குப் போய் ரிசல்ட் வராம இருக்கலாம், இல்ல ரிசல்ட் வந்தும் டாக்டர்கிட்ட யாரும் சொல்லாம இருக்கலாம். நாலுக்கும் நைட் சிஸ்டர் செய்ய வேண்டிய வேலை வேற வேற. அதனால எந்த நிலைல நிக்குதுன்னு எழுதாத வரியை நான் எழுதாத வரியாத்தான் எடுத்துக்குவேன்.

அதே ஓவரை நான் எப்படி எழுதச் சொல்வேன்னா:

"பெட் 7, 64 பெண், வாந்தி பேதி, டிகாக்ஸின் சாப்பிடறவங்க. கவனமா பாக்கணும். காலை பொட்டாசியம் 2.7. கேசிஎல் 40, 16:00 முதல் 20:00, முடிஞ்சது. ரிபீட் ரத்தம் இன்னும் எடுக்கல, 21:00க்கு நைட் சிஸ்டர் எடுக்கணும், டிரிப் ஓடாத கையில. 22:30க்குள்ள ரிசல்ட் வரலேன்னா லேபுக்கு போன். 3.5க்கு கீழன்னா டியூட்டி டாக்டரைக் கூப்பிடணும், அடுத்த பாட்டில் அவர் சொன்னா மட்டும். யூரின் 16:00 முதல் 20:00 வரை 180 மில்லி, மணிக்கு 30க்கு கீழ போனா பொட்டாசியம் தொடங்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். பேதி இன்னும் நிக்கல, எத்தனை தடவன்னு எண்ணி எழுதணும். நெஞ்சு படபடப்பு, கால் பலவீனம்னு சொன்னா உடனே இசிஜி."

நீளமா இருக்கேன்னு தோணும். ஆனா இதுல டாக்டர் எழுதின கேஸ் ஷீட்ல இருக்கற கதை எதுவும் இல்ல பாருங்க, அடுத்த சில மணி நேரத்துல கையால செய்ய வேண்டியதும் கண்ணால பாக்க வேண்டியதும் மட்டும்தான். எந்த நேரத்துக்கு, யாரு, எது வந்தா என்ன செய்யணும்னு இருக்கு. டிரிப் ஓடாத கையிலன்னு ஏன் எழுதறோம்னா, பொட்டாசியம் ஏத்தற கையிலயே ரத்தம் எடுத்தா அந்தக் கலவை சேர்ந்து ரிசல்ட் பொய்யா ஏறிக் காட்டும், அந்த நம்பரைப் பாத்துட்டு நல்லாருக்குன்னு விட்டுட்டா கதை முடிஞ்சுது. ரத்தம் எடுக்கும்போது ரத்த அணு உடைஞ்சாலும் இதே மாதிரி பொய்யா ஏறும். யூரின் ஏன்னா, சிறுநீரகம் வேலை செய்யலேன்னா ஏத்தற பொட்டாசியம் வெளிய போக வழியில்லாம தேங்கும், அதாவது ஆபத்து எதிர்ப்பக்கம் திரும்பிடும். மணிக்கு 30ங்கறது 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு அரை மில்லின்னு கணக்கு.

இந்தம்மாவுக்கு இவ்வளவு எழுதறதுக்கு நேரம் எங்கருந்து வரும்னா, பெட் 8ல நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப் போறவருக்கு "நார்மல் டயட், மாத்திரை மட்டும், பாக்கி எதுவும் இல்ல"ன்னு ஒரே வரில முடிக்கறதுலருந்துதான். எல்லா பெட்டுக்கும் ஒரே அளவு எழுதற வார்டுல எது முக்கியம்னு யாருக்கும் தெரியாது. அதே மாதிரி அலர்ட் எழுதற கட்டம். எல்லாருக்கும் "விழாம பாத்துக்கவும்"னு சிவப்புல எழுதிட்டே வந்தா ஒரு வாரத்துல அந்த சிவப்பு யார் கண்ணுலயும் படாது. மருந்து அலர்ஜி எப்பவும் இருக்கட்டும், அதைத் தவிர இந்த ஷிஃப்ட்ல எது மாறினா நிலைமை மாறுமோ அதை மட்டும் எழுதினா போதும். "ஸ்டேபிள்"ங்கற சொல்லை எங்க வார்டுல நான் எழுத விடறதில்ல. பிபி எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு, எத்தனை மணிக்குப் பாத்ததுன்னு எழுதுங்க, ஸ்டேபிளா இல்லையான்னு படிக்கறவங்க சொல்லட்டும்.

நேரமில்லன்னு சொல்றவங்களுக்காக ஒண்ணு. 2014ல ஐ-பாஸ்னு ஒரு ஓவர் முறையை குழந்தைகள் பிரிவுல டாக்டர்கள் மாத்திக்கற ஓவர்ல வச்சு 9 ஆஸ்பத்திரில சோதிச்சுப் பாத்தாங்க. நோயோட தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியது, இப்படி ஆனா அப்படின்னு முன்கூட்டியே சொல்றது, கடைசில ஓவர் எடுக்கறவங்க திருப்பிச் சொல்றது, இந்த அஞ்சுதான் அதுல. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைஞ்சுது, ஒரு பேஷண்டுக்கு வாயால ஓவர் சொல்ற நேரம் முன்னாடி 2.4 நிமிஷம், பின்னாடி 2.5 நிமிஷம். அது டாக்டர்களோட ஓவர், நர்சிங் ஓவர் இல்லதான், ஆனா அதுல கடைசியா இருக்கற திருப்பிச் சொல்றதைத்தான் நாம அதிகமா விட்டுடறோம். "21:00க்கு நான் ரத்தம் எடுக்கணும், இன்னும் எடுக்கல, சரிதானே சிஸ்டர்?"னு நைட் சிஸ்டர் ஒரு வாட்டி கேட்டிருந்தா பெட் 7ல ராத்திரி வேற மாதிரி போயிருக்கும்.

இதை நர்சிங் ஸ்டேஷன்ல உக்காந்து செய்யாம பெட்கிட்ட போய் செஞ்சா இன்னும் நல்லது. பாட்டில்ல எவ்வளவு மிச்சம், லேபிள்ல என்ன கலந்திருக்குன்னு எழுதிருக்கா, ஊசி போட்ட இடம் வீங்கிருக்கா, யூரின் பையில நோட்டுல சொன்ன அளவு இருக்கா, இதெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பார்வை பாத்துடலாம். நோய் பத்தின விவரத்தை மட்டும் பக்கத்து பெட்காரங்க காதுல விழாத மாதிரி பேசுங்க.

இன்னொரு விஷயம், ஓவர் நோட்டு ஆர்டர் ஷீட் கிடையாது. டாக்டர் போன்ல சொன்னதை ஓவர் நோட்டுல மட்டும் எழுதி வச்சுட்டு கேஸ் ஷீட்ல ஏத்தாம விட்டா, அடுத்த நாள் நோட்டு மாறினதும் அந்த ஆர்டர் இருந்ததே தெரியாது. தப்பா எழுதிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சு பக்கத்துல இனிஷியல், மேல வெள்ளை பூசறது வேணாம். மணியை 24 மணிக் கணக்குல எழுதுங்க, ராத்திரி 8ஆ காலைல 8ஆன்னு யாரும் யோசிக்க வேண்டாம்.

பாக்கி வேலை முடிஞ்சா அதே வரிலயே மூடணும். "21:10 எடுத்தாச்சு, 22:15 ரிசல்ட் 3.0, 22:20 டியூட்டி டாக்டருக்குச் சொல்லியாச்சு, 22:45 அடுத்த பாட்டில் ஆரம்பம்"னு இனிஷியலோட. லேப்லருந்து போன்ல ரிசல்ட் வந்தா பேஷண்ட் பேரு, நம்பர், மதிப்பு மூணையும் திருப்பிப் படிச்சுக் காட்டிட்டுதான் போனை வைக்கணும், முக்கியமா ஓவர் நேரத்துல வர்ற போனை எடுக்கறது யாருன்னே தெரியாம போயிடும், அதனால அந்த நேரத்துக்கு போனுக்குன்னு ஒருத்தரைத் தனியா நிறுத்திடுங்க.

இன்சார்ஜா இருக்கறவங்களுக்கு உங்க வார்டு எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. நேத்தைய நோட்டை எடுத்து காலை, ஈவினிங், நைட் மூணு ஓவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. ஒரு பாக்கி வேலை வார்த்தை மாறாம மூணு ஷிஃப்ட்லயும் அப்படியே காப்பி ஆகிருந்தா, மூணு பேரும் முந்தினவங்க எழுதினதைப் பாத்து எழுதிருக்காங்க, யாரும் போய்ப் பாக்கல. முதல்ல அந்த பெட்டுக்குப் போங்க, நோட்டு எழுதினவங்களைக் கூப்பிட்டுப் பேசறது அப்புறம்.