பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சித்தூர் தாலுகாவில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சோசியாலஜி நடத்துகிறேன். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். என் வகுப்பில் பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். கல்வி பற்றிய பாடம் வரும்போது வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் வைப்பேன். கல்வி சமூக ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா, அல்லது அதையே அடுத்த தலைமுறைக்கும் கடத்திவிடுகிறதா?

குறைக்கிறது என்று பேசும் அணிதான் பெரும்பாலும் தோற்கும். அவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது சாதனையாளர் கதை. ஏழை வீட்டில் பிறந்து படித்துப் பெரிய பதவிக்குப் போன ஒருவரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதிரணி எழுந்து, "அவரோடு படித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டால் பதில் இருக்காது. எழுத்தறிவு கூடியிருக்கிறது என்பதும் இங்கே உதவாது. எல்லோரும் ஒரு படி ஏறினாலும் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கலாம்.

எதிரணியின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிரெஞ்சு சமூகவியலாளர்கள் பியர் பூர்தியூவும் பாசெரோனும் 1970-ல் முன்வைத்த வாதம் அது. படித்த வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு, பழக்கம், புத்தக அறிமுகம் எல்லாம் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. பள்ளி அதையே திறமை என்று மதித்து மதிப்பெண் போடுகிறது. இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார் பூர்தியூ. மலையாளச் சூழலில் தமிழ் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அதனால் இந்த முறை, குறைக்கிறது என்ற அணிக்காகப் பேச வந்த மாணவியிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தேன்: "எதோடு ஒப்பிட்டு?" வசதியான பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் பத்து வருடம் படித்த பிறகும் சமமாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளியே இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடைவெளி எவ்வளவு இருந்திருக்கும்? அதைத்தான் கேட்க வேண்டும். அவள் அதைப் பிடித்துக்கொண்டு இப்படித் தொடங்கினாள்: "ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். அதற்காக ஆஸ்பத்திரிதான் நோயை உண்டாக்குகிறது என்று யாராவது சொல்வோமா?"

பள்ளி இல்லாத நிலையை எங்கே போய்ப் பார்ப்பது? ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் பார்க்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-ல் முதல் வகுப்பில் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகிய ஆய்வாளர்கள் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. இப்படி இரண்டு முறை வைத்ததால் பள்ளி நடக்கும் மாதங்களில் எவ்வளவு கற்றார்கள், விடுமுறையில் எவ்வளவு கற்றார்கள் என்று தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. வருடத்துக்கு ஒரே தேர்வு வைத்தால் இரண்டும் கலந்துவிடும், பழி முழுக்கப் பள்ளி மேல் விழும்.

பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். விடுமுறையில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து ஏறினார்கள், ஏழைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் வாசிப்புத் திறனில் தெரிந்த இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடக்கப்பள்ளிக் காலக் கோடை விடுமுறைகளே காரணம் என்று அந்தக் குழு 2007-ல் எழுதியது.

மாணவி இதைச் சொன்னதும் வகுப்பில் சலசலப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஏப்ரல், மே இரண்டு மாதம் வீட்டில் தமிழ் மட்டும்தான். ஜூனில் வகுப்புக்கு வரும்போது மலையாள வாசிப்பு தடுமாறும். அப்பா அம்மா இரண்டு மொழியும் படித்த வீடுகளில் அந்தத் தடுமாற்றம் இருப்பதில்லை.

எதிரணியில் ஒரு பையன் நன்றாகத் தயாராகி வந்திருந்தான். "டீச்சர், அந்த முடிவையே பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்களே?" என்றான். சரியான கேள்வி. பால் வான் ஹிப்பெலும் அவருடைய சக ஆய்வாளரும் 2019-ல் அதே பால்டிமோர் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பழைய தேர்வில் மதிப்பெண்ணைக் கணக்கிட்ட அளவுகோலால்தான் இடைவெளி வருடா வருடம் விரிவதுபோலத் தெரிந்திருக்கிறது என்றார்கள். புதிய அளவுகோல்களில் பார்த்தால் இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேரும் முன்பே உருவாகிவிடுகிறது, அதற்குப் பிறகு அதிகம் மாறுவதில்லை.

இந்த இடத்தில் பேச்சாளர் கவனமாக இருக்க வேண்டும். இடைவெளி பள்ளிக்கு முன்பே உருவாகிறது என்றால் அதை உண்டாக்குவது பள்ளி இல்லை என்று நிரூபித்தாயிற்று. ஆனால் பள்ளி அதைக் குறைக்கிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. "குறைக்காமல் அப்படியே வைத்திருந்தால் அதுவும் கடத்துவதுதானே?" என்று எதிரணி கேட்கலாம், அந்தப் பையன் கேட்கவும் செய்தான். அதற்குப் பள்ளி அமைப்பையே மாற்றிப் பார்த்த ஒரு நாட்டின் அனுபவம் தேவை.

பின்லாந்தில் முன்பெல்லாம் நான்கு வருடத் தொடக்கக் கல்வி முடிந்ததும், சுமார் 11 வயதிலேயே, பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஒரு பகுதியினர் மேற்படிப்புக்குப் போகும் பள்ளிகளுக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு அந்த வழி ஏறக்குறைய மூடிவிடும். 1972 முதல் 1977 வரை வட்டாரம் வட்டாரமாக இதை மாற்றி, 16 வயது வரை எல்லோருக்கும் ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம் என்று ஆக்கினார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாறாததால், மாறிய வட்டாரத்தையும் மாறாத வட்டாரத்தையும் ஒப்பிட முடிந்தது. 2009-ல் வெளியான ஆய்வின்படி, பழைய முறையில் ஒரு தந்தையின் வருமானம் இன்னொருவரைவிட 10 சதவீதம் அதிகமானால் மகனின் வருமானமும் சராசரியாக 3 சதவீதம் அதிகமாக இருந்தது. புதிய முறையில் அது சுமார் 2.3 சதவீதமாகக் குறைந்தது. கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. பெற்றோரின் பணம் அதேதான், மாறியது பள்ளி.

மாணவி இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னாள். கூடவே, "எல்லாப் பள்ளியும் குறைக்கும் என்று நான் சொல்லவில்லை. பதினொரு வயதில் பிரிக்கும் பள்ளி குறைவாகவே குறைக்கும். பிரிக்காத பள்ளி அதிகம் குறைக்கும்" என்றாள். எதிரணிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது போலத் தெரியும். உண்மையில் அவள் வாதம் அங்கேதான் உறுதியானது. பூர்தியூ சொன்ன பாரபட்சம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அது எந்த அமைப்பில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று பிரித்துக் காட்டிவிட்டாள்.

கடைசியாக உள்ளூர் வரலாறு ஒன்றையும் சேர்த்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் தீண்டாமைக்கு ஆளான புலையர் சாதிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அந்தச் சமூகத் தலைவர் அய்யன்காளி போராடியபோது, ஊரூட்டம்பலத்தில் அதை எதிர்த்த ஆதிக்க சாதியினர் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். "பள்ளி எதையும் மாற்றாது என்றால் அதை எதற்கு எரித்தார்கள்?" என்று கேட்டாள். எதிரணி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவர்களை ஒரு டிவிஷனிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் போடும் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி நடந்தால் பி.டி.ஏ. கூட்டத்தில் கேளுங்கள். அப்புறம், விடுமுறைக்கு முன் நூலகப் புத்தகங்களை எல்லாம் திரும்ப வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மார்ச் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு மலையாளப் புத்தகமும் இரண்டு தமிழ்ப் புத்தகமும் கொடுத்து அனுப்பலாம். சில புத்தகம் கிழிந்து வரும், ஒன்றிரண்டு வராமலே போகும். அந்த நஷ்டத்தைப் பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும்.