பார்ஜ் என்றால் பஃறி

நிலக்கரி ஏற்றிய ‘பார்ஜ்’ ஆற்றில் தரைதட்டியது என்ற செய்தியை நம் நாளிதழ்கள் ‘மிதவைக் கப்பல்’ என்றோ ‘சரக்குப் படகு’ என்றோ எழுதுகின்றன. மிதவை என்றால் துறைமுகத்தில் மிதக்கும் அடையாளக் குண்டும் மிதவைதான். படகு என்றாலோ மீன்பிடி விசைப்படகுதான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை.

ஆங்கிலத்துக்கு பார்ஜ் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேரை லத்தீன், கிரேக்கம் வழியாக நைல் நதிப் படகைக் குறித்த எகிப்தியச் சொல் வரை கொண்டுபோகிறார்கள். இன்று அது குறிப்பது தட்டையான அடியும் அகன்ற வயிறும் கொண்ட சரக்குக் கலத்தை. சிலவற்றுக்கு எஞ்சினே இருக்காது, இன்னொரு படகு தள்ளிச் செல்லும்.

நம்மிடம் அதற்குப் பட்டினப்பாலையிலேயே சொல் இருக்கிறது: “வெள்ளை உப்பின் கொள்ளை சாற்றி / நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி”. உப்பை விற்று, மாற்றாக நெல்லை ஏற்றிக்கொண்டு கழி வழியே திரும்பிய படகுகள் அவை. உப்பும் நெல்லும் கனமானவை. எடைக்கு ஏற்ற விலை இல்லாதவை. பார்ஜின் வேலையே இதுதான் என்பதால் பஃறி என்றே எழுதலாம் என்பேன்.

ஜல்லி, நிலக்கரி போன்றவற்றில் சரக்கின் விலையை வண்டிக்கூலி எளிதில் விழுங்கிவிடும். தண்ணீரோ எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது. மெதுவாகப் போனால் அதன் எதிர்ப்பும் குறைவு. ரைன் நதியில் ஓடும் 110 மீட்டர் நீளப் பஃறி ஒன்று, நீர் நிறைந்திருந்தால், ஏறத்தாழ 3,000 டன் ஏற்றும். லாரிக்கு 25 டன் என்றால் அது 120 லாரிச் சுமை. சில பணியாளர்களே போதும். நிலக்கரி நாலு நாள் தாமதமானால் கெட்டுப்போகாது.

கட்டுப்படுத்துவது ஆழம். அந்தப் பஃறியின் அகலம் சுமார் 11.4 மீட்டர். பெட்டி போன்ற வடிவம் என்பதால், ஒரு செ.மீ. கூடுதலாக அமிழ ஏறத்தாழ 12 டன் வேண்டும். ஆற்றில் 10 செ.மீ. நீர் குறைந்தால் நூறு டன்னுக்கு மேல் கரையிலேயே நின்றுவிடும்.

ரைனில் எல்லோரும் பார்ப்பது ஜெர்மனியின் காவுப் என்ற சிற்றூரில் உள்ள நீர்மட்ட அளவுகோலை. அது 78 செ.மீ. காட்டினால் கப்பல் தடத்தில் ஆழம் 190 செ.மீ. அளவுகோலின் பூஜ்யக் குறி ஆற்றடியில் இல்லாததால் இந்த வேறுபாடு. 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. தடத்தில் மிஞ்சியது 137 செ.மீ. அடியில் உரசாமலிருக்க விடும் இடைவெளியையும் கழித்தால், பெரிய பஃறிகள் ஏறக்குறைய வெறுமையாகத்தான் அங்கே கடக்க முடிந்தது. அங்கே ஆற்றடி பாறை. மணலை அள்ளுவதுபோல் அள்ளி ஆழப்படுத்த முடியாது. கடலோரத் துறைமுகமான ராட்டர்டாமில் எவ்வளவு ஆழம் இருந்தாலும், அங்கிருந்து ஆற்றில் மேலேறி சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போகும் பஃறிக்கு எத்தனை டன் ஏற்றுவது என்பதை வழியில் உள்ள இந்த ஆழமற்ற இடம்தான் சொல்கிறது.